பானை முதல் உப்பு டப்பா வரை: காற்றின் ஈரத்தை அறிந்துகொள்ளப் பத்துக் குறிப்புகள்

வேலூரில் இருந்தவரை கோடைக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தேடியதில்லை. தாழ்வாரத்தில் மணல் பரப்பி அதன்மேல் வைத்த மண்பானையே போதுமானதாக இருந்தது. சென்னைக்குக் குடிவந்தபோது அந்தப் பானையை வைக்கோல் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். இங்கே அது பெயருக்குத்தான் பானை; தண்ணீர் சில்லென்று ஆகவே இல்லை. "மெட்ராஸ் தண்ணிக்குப் பானை ஒத்துக்காதும்மா" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

தண்ணீர்மேல் பழியில்லை. பானையைச் சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளியில் வெப்பவியல் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தப் பானைக் கதையிலிருந்தே தொடங்குவேன். ஒப்பு ஈரப்பதம், பனிநிலை என்று புத்தகத்தில் வரும் இரண்டும் (இலங்கைப் பாடநூல்களில் சாரீரப்பதன், பனிபடுநிலை) வீட்டில் தினமும் எதையாவது தீர்மானித்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அளக்கவும் பயன்படுத்தவும் நான் கடைப்பிடிக்கும் குறிப்புகள் இவை.

1. ஒரு டம்ளரில் பனிநிலையை அளந்து பாருங்கள்

பளபளப்பான, மெல்லிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று, ஐஸ் கட்டிகள் சில, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சிவப்புத் திரவத் தெர்மாமீட்டர் ஒன்று. இவ்வளவுதான் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது.

டம்ளரில் பாதி அளவு சாதாரணத் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். சிறு ஐஸ் துண்டு ஒன்றைப் போட்டு ஸ்பூனால் கலக்குங்கள். அது கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். ஒரு கட்டத்தில் டம்ளரின் வெளிப்புறப் பளபளப்பு மங்கும். விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ் போடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். மங்கல் மறையும்போது இன்னொரு முறை குறியுங்கள். இரண்டின் சராசரிதான் பனிநிலை.

அதாவது, இப்போது அறைக் காற்றில் இருக்கும் நீராவியே தெவிட்டிப்போவதற்கு எந்த வெப்பநிலை போதுமோ, அந்த வெப்பநிலை. ஒரு நாள் எங்கள் வீட்டில் 24 டிகிரியில் மங்கியது, 26-ல் தெளிந்தது. ஆக, பனிநிலை 25. அறையின் வெப்பநிலை 31. இனி அட்டவணையைப் பார்க்க வேண்டும். நீராவி தெவிட்டிய நிலையில் தரும் அழுத்தம், மில்லிமீட்டர் பாதரசத்தில் இது:

18° – 15.5 | 20° – 17.5 | 24° – 22.4 | 25° – 23.8 | 26° – 25.2 | 29° – 30.0 | 31° – 33.7 | 34° – 39.9 | 36° – 44.6 | 38° – 49.7

காற்றில் இப்போது உள்ள ஆவியின் அழுத்தம், பனிநிலையான 25 டிகிரிக்கு உரிய 23.8. இந்த அறையில் அது அதிகபட்சம் 31 டிகிரிக்கு உரிய 33.7 வரை போகலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் 71 சதவீதம். அதுதான் ஒப்பு ஈரப்பதம்.

கணக்குத் தவறுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். குனிந்து பார்க்கும்போது நம் மூச்சு டம்ளர்மேல் பட்டால், அந்த ஈரத்தால் முன்கூட்டியே மங்கும். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பாருங்கள். ஐஸை மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் வேகமாகக் குளிர்ந்து, மங்கலைக் கண் பிடிப்பதற்குள் இரண்டு மூன்று டிகிரி கீழே போய்விடும். மங்கியதற்கும் தெளிந்ததற்கும் நடுவே 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். திரும்பச் செய்யுங்கள்.

2. ஈரப்பதச் செய்தியைப் படிக்கும்போது நேரத்தையும் பாருங்கள்

"காலையில் ஈரப்பதம் 94, மதியம் 53" என்று படித்தால், மதியம் காற்று காய்ந்துவிட்டதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பனிநிலை நாள் முழுக்க 25 டிகிரியிலேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு வெப்பநிலை 26 என்றால், 23.8-ஐ 25.2-ஆல் வகுக்க வேண்டும், 94 சதவீதம். மதியம் 2 மணிக்கு 36 என்றால், அதே 23.8-ஐ 44.6-ஆல் வகுக்க வேண்டும், 53 சதவீதம். காற்றிலிருந்து ஒரு துளி நீரும் குறையவில்லை. வெப்பநிலை ஏறியதால் வகுக்கும் எண் பெரிதானது, அவ்வளவே.

அதனால் ஒரு நாளையும் இன்னொரு நாளையும், ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும் ஒப்பிட வேண்டுமானால் பனிநிலையைப் பாருங்கள். காற்றில் உள்ள நீராவி கூடினால்தான் அது ஏறும், குறைந்தால்தான் இறங்கும். சென்னையில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெப்பநிலை சற்றுக் குறைந்தும் புழுக்கம் கூடுவது ஏன் என்பதும் இதில் புரிந்துவிடும். கடற்காற்று நீராவியைக் கூட்டிக்கொண்டு வருகிறது, பனிநிலை ஏறிவிடுகிறது.

வற்றல், வடகம் காயப்போடுபவர்களுக்கு இது நேரடியாக உதவும். வெயில் சாய்ந்து காற்றுக் குளிரக் குளிர, ஒப்பு ஈரப்பதம் ஏறிக்கொண்டே போகும். பகலில் காய்ந்த வடகம் இரவில் அதே காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மாலை 4 மணிக்கே உள்ளே எடுத்து மூடிவைத்துவிடுங்கள்.

3. ஆவியாதல் ஏன் குளிர்விக்கிறது: கையில் மூன்று துளிகள்

புறங்கையில் ஒரு துளி தண்ணீர், ஒரு துளி சானிடைசர், ஒரு துளி தேங்காய் எண்ணெய் தள்ளித் தள்ளி வைத்து ஊதுங்கள். சானிடைசர் வைத்த இடம் சுரீரென்று குளிரும், தண்ணீர் மிதமாகக் குளிரும், எண்ணெய் வைத்த இடத்தில் ஒன்றும் தெரியாது.

திரவத்தில் உள்ள மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றில் மிக வேகமானவை மட்டுமே மற்றவற்றின் ஈர்ப்பை அறுத்துக்கொண்டு வெளியே போக முடியும். அவை போன பிறகு மிஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது. வெப்பநிலை என்பது அந்தச் சராசரிதான். ஆகவே திரவம் குளிர்கிறது, அது ஒட்டியிருக்கும் தோலிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,430 ஜூல் வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும் என்பதோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய செலவு என்று தெரியும்.

மாணவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கிராமுக்குக் கிராம் பார்த்தால் ஆல்கஹாலின் உள்ளுறை வெப்பம் தண்ணீரைவிடக் குறைவுதானே, பிறகு அது ஏன் அதிகமாகக் குளிர்கிறது? அது மிக வேகமாக ஆவியாகிறது என்பது ஒரு விடை. காற்றில் ஆல்கஹால் ஆவி கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பது இன்னொரு விடை. தண்ணீர்த் துளியிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறும் அதே நேரத்தில், காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் துளிக்குள் திரும்பி வந்துகொண்டும் இருக்கின்றன. திரும்பி வருபவை தாம் கொண்டுவரும் வெப்பத்தைக் கொடுத்துவிடுகின்றன. போவதும் வருவதும் சமமானால் அதுவே 100 சதவீத ஈரப்பதம். அங்கே காற்றின் வெப்பநிலையில் இருக்கும் தண்ணீர் குளிராது. ஆனால் அந்தக் காற்றிலும் சானிடைசர் குளிரும். மழை நாளில் செய்து பாருங்கள்.

4. எவ்வளவு குளிரும் என்பதை ஈரத்துணியால் முன்கூட்டியே அறியலாம்

மின்விசிறிக்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். விசிறி ஓடினாலும் நின்றாலும் ஒரே வெப்பநிலைதான் காட்டும். இப்போது அதன் குமிழைச் சுற்றி மெல்லிய பழைய வேட்டித் துணியைக் கட்டி, அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரில் நனைத்து மறுபடி காற்றில் பிடியுங்கள். அளவு இறங்கத் தொடங்கும். நான்கைந்து நிமிடத்தில் ஓர் இடத்தில் நின்றுவிடும். முதலில் பார்த்தது உலர் குமிழ் வெப்பநிலை, இப்போது நின்றது ஈரக் குமிழ் வெப்பநிலை.

அது ஏன் நின்றுவிடுகிறது? துணி குளிரக் குளிர, சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து அதற்குள் பாயும் வெப்பமும் கூடுகிறது. ஆவியாதல் எடுக்கும் வெப்பமும் காற்றுக் கொடுக்கும் வெப்பமும் சமமாகும் இடத்தில் இறக்கம் முடிகிறது. அன்றைக்கு அந்தக் காற்றில் பானை, கூலர், ஈரத்துணி எதுவானாலும் தண்ணீரை ஆவியாக்கியே குளிர்விப்பதற்கு அதுதான் எல்லை.

இந்த இரண்டு எண்களிலிருந்து ஈரப்பதத்தையும் கணக்கிடலாம். ஈரக் குமிழ் வெப்பநிலைக்கு உரிய தெவிட்டிய அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, இரு குமிழ்களின் வித்தியாசத்தில் பாதியைக் கழித்தால் போதும். மில்லிமீட்டர் பாதரசத்தில் கணக்கிடும்போது, நல்ல காற்று வீச்சில், கடல்மட்டத்துக்கு அருகிலுள்ள ஊர்களில் இது சரியாகவே வரும். முதல் குறிப்பில் சொன்ன நாளில் உலர் குமிழ் 31, ஈரக் குமிழ் 26.5. அந்த 26.5-க்கு உரிய அழுத்தம் 26.0, வித்தியாசம் 4.5, அதில் பாதி 2.25, கழித்தால் 23.75. டம்ளர் காட்டிய 23.8-உடன் ஒத்துப்போகிறது. இரண்டு வெவ்வேறு வழியில் ஒரே விடை வருவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கட்டும். அதற்குப் பிறகு பாடம் மறக்காது.

துணி அழுக்காக இருந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, பாதி காய்ந்துவிட்டாலோ அளவு முழுதாக இறங்காது. ஒவ்வொரு முறையும் துவைத்த துணியையே கட்டுங்கள்.

5. மண்பானையை எங்கே, எப்படி வைப்பது

வேலூரில் ஒரு மே மாத மதியத்தை எடுத்துக்கொள்வோம்: உலர் குமிழ் 38, ஈரக் குமிழ் 24. நான்காம் குறிப்பின்படி கணக்கிட்டால் ஈரப்பதம் 31 சதவீதம், பனிநிலை ஏறக்குறைய 18. சென்னையில் ஒரு நாள்: உலர் குமிழ் 34, ஈரக் குமிழ் 29. ஈரப்பதம் 69 சதவீதம், பனிநிலை 27-க்கு மேல். வேலூர்ப் பானைக்கு இறங்க 14 டிகிரி இடம் இருக்கிறது. சென்னைப் பானைக்கு 5 டிகிரிதான். பானைத் தண்ணீர் ஈரக் குமிழ் அளவைத் தொடாது, அதற்கு ஓரிரு டிகிரி மேலேயே நிற்கும். ஆக, நான் சுமந்துவந்த பானை சென்னையில் 30, 31 டிகிரித் தண்ணீரைத்தான் தர முடியும். அது நாக்குக்குச் சில்லென்று படாது.

உள்ள இடத்தை முழுதாகப் பயன்படுத்த வழி உண்டு. பானையை நிழலில், காற்று ஊடே போகும் இடத்தில் வையுங்கள். சமையலறை மூலையில், சுவரை ஒட்டி வைத்தால் பானையைச் சுற்றி ஈரக் காற்று ஓர் உறைபோலத் தங்கிவிடும்; அந்த உறைக்குள் ஈரப்பதம் அறையைவிட மிக அதிகம். அடியிலும் காற்றுப் படும்படி இரும்பு ஸ்டாண்டில் அல்லது ஈர மணலில் வைப்பது அதனால்தான் நல்லது.

பெயின்ட் அடித்த, மெழுகுப் பளபளப்புள்ள பானையை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீருக்கு வேண்டாம். மண்ணின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறம் வந்தால்தான் ஆவியாகும். இரண்டாம் கோடையில் பானை "சூடு பிடித்துவிட்டது" என்பார்கள். உப்புத் தண்ணீரில் உள்ள உப்புகள் துளைகளில் படிந்து அடைத்துவிடுவதே காரணம். வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம். சோப்புப் போடாமல், தேங்காய் நாரால் வெளிப்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். ஓரளவு திரும்பும்; முழுதாக அடைத்துப்போனது திரும்பாது.

தண்ணீர் வீணாகிறதே என்று கவலை வேண்டாம். 6 லிட்டர் தண்ணீரை 34 டிகிரியிலிருந்து 26-க்கு இறக்க ஏறக்குறைய 2 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். அதற்கு ஆவியாக வேண்டியது 83 கிராம். அரை டம்ளர் தண்ணீர். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், அதைச் சமாளிக்க நாள் முழுவதும் இன்னும் கொஞ்சம் போகும்.

6. ஏர் கூலர் ஓடும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள்

ஏ.சி. பழக்கத்தில் கூலர் போட்டதும் கதவு ஜன்னலை அடைப்பவர்கள் பலர். முதல் அரை மணி நேரம் இதமாக இருக்கும், பிறகு உடம்பு பிசுபிசுக்கும். கூலர் வெப்பத்தை வெளியே அனுப்பும் கருவி கிடையாது. காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியையும் அதே காற்றோடு அறைக்குள் விடுகிறது. அடைத்த அறையில் ஆவி ஏற ஏறப் பனிநிலை ஏறும், கூலர் தரும் குளிர்ச்சியும் நம் வியர்வை தரும் குளிர்ச்சியும் சேர்ந்தே குறையும். கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்து ஜன்னலில் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வாங்குமுன் ஈரத்துணிச் சோதனை செய்துவிடுங்கள். உலர், ஈரக் குமிழ்களின் வித்தியாசத்தில் ஐந்தில் நான்கு பங்குவரை ஒரு நல்ல கூலர் இறக்கும். வேலூர் மதியத்தில் 38 டிகிரிக் காற்று 27-ஆக வரும். சென்னை நாளில் 34 டிகிரி 30-ஆக வரும், கூடவே நிறைய ஈரமும் வரும். வித்தியாசம் 8 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் வீட்டில் கூலருக்குப் பணம் போடாதீர்கள் என்பதே என் அனுபவம்.

தொட்டியில் ஐஸ் போடுவது அதிகம் உதவாது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் எடுக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது 2,430 கிலோஜூல் எடுக்கும். ஏழு மடங்கு வேலையைச் சாதாரணத் தண்ணீரே செய்கிறது.

7. விசிறியின் பலன் ஈரமான தோலுக்குத்தான்

விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை என்பதை நான்காம் குறிப்பில் தெர்மாமீட்டரே காட்டிவிட்டது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றுப் படலத்தை அது துரத்துகிறது. அதனால் வியர்வை வேகமாக ஆவியாகிறது. ஆள் இல்லாத அறையில் விசிறி ஓட வேண்டியதில்லை.

தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்து, தோல் காய்ந்தும் இருந்தால், விசிறி சூட்டைத்தான் உடம்பில் ஏற்றும். வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு. 38, 40 டிகிரி நாளில் அவர்களை வெறும் விசிறிக்கு அடியில் உட்காரவைக்காமல், கை, கால், கழுத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு விசிறி போடுங்கள்.

கடலோரப் புழுக்கத்தில் ஆபத்து வேறு விதமாக வரும். வியர்வை வழிந்து தரையில் சொட்டினால் அது உடம்பைக் குளிர்விக்காது. தோல்மேலேயே ஆவியாகும் வியர்வைதான் வெப்பத்தை எடுத்துப்போகும். ஈரக் குமிழ் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், உடம்பு தன் வெப்பத்தை வெளியேற்ற வழியே இருக்காது. அதற்குப் பல டிகிரி முன்னதாகவே உழைப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்துத் தொடங்கிவிடும். சட்டை நனைந்து சொட்டத் தொடங்கினால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்துவிட வேண்டும். மயக்கமோ குழப்பமான பேச்சோ தெரிந்தால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

8. மழைக்காலத்தில் துணி காய, அறையைப் பூட்டாதீர்கள்

வாஷிங் மெஷினில் பிழிந்தெடுத்த ஒரு வாளித் துணியில் இன்னும் 2 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 27 கன மீட்டர். 26 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 24 கிராம் நீராவி இருக்கலாம். ஈரப்பதம் ஏற்கெனவே 85 சதவீதம் என்றால், இன்னும் நுழையக்கூடியது கன மீட்டருக்கு மூன்றரைக் கிராம் சொச்சம். 27 கன மீட்டருக்கும் சேர்த்து 100 கிராம்கூட இல்லை. துணியில் இருப்பதோ 2,000 கிராம்! பூட்டிய அறையில் காற்றுத் தெவிட்டிவிடும். துணி இரண்டு நாள் ஈரமாகவே கிடந்து முடைநாற்றம் அடிக்கும்.

அறையின் காற்று முழுவதுமாக இருபது தடவைக்கு மேல் மாறினால்தான் அந்த 2 லிட்டரும் வெளியேறும். அதனால் விசிறியைத் துணிப்பக்கம் திருப்பி, இரண்டு ஜன்னல்களைத் திறந்து, துணிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் போடுங்கள். ஜன்னல் திறக்க முடியாத அடைமழையில், ஏ.சி. இருந்தால் உலர் முறையில் ஓடவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருள் அறையின் பனிநிலையைவிடக் கீழே இருப்பதால், நம் டம்ளரில் நடந்ததேதான் அங்கும் நடக்கிறது: நீராவி சுருளின்மேல் நீராகிக் குழாய் வழியே சொட்டும். அந்தக் குழாயின் அடியில் வாளி வைத்தால், துணியிலிருந்து போன தண்ணீரை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

9. ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது

24 டிகிரி அறையில் இருந்த மூக்குக் கண்ணாடி, வெளியே வந்ததும் 24 டிகிரியில்தான் இருக்கும். வெளியே பனிநிலை 27 என்றால் அது உடனே மங்கும். வேலூர் மே மாதத்தைப் போலப் பனிநிலை 18 என்றால் மங்காது. பொருளின் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழா, மேலா என்ற ஒரு கேள்வி போதும்.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம், கேமராவின் உட்புறத்தைத் துடைக்க முடியாது. கேமராவையோ லேப்டாப்பையோ வெளியே எடுத்துச்செல்லும் முன், ஏ.சி. அறையிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். வெளியே வந்ததும் பையின் மேல்தான் நீர் படியும். அரை மணி நேரம் கழித்து, பொருள் வெளிச்சூட்டுக்கு வந்த பின் பையைத் திறங்கள்.

மார்கழிக் காலையில் புல்லின்மேல் இருக்கும் பனியும் இதே வகைதான். அது மேலிருந்து பெய்வதில்லை. தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் வெப்பத்தைக் கதிராக வெளியே விட்டு, புல்லின் நுனி பனிநிலைக்குக் கீழே போகிறது. அருகிலுள்ள காற்றின் நீராவி அதன்மேல் நீராகிறது. மேகம் மூடிய இரவில் புல் அவ்வளவு குளிராததால் பனி இருக்காது.

10. உப்பு டப்பாவே உங்கள் ஈரப்பதமானி

சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை வாங்கிக் கரையத் தொடங்குவது ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது. சுத்தமான தூள் உப்பு நீர்விட்டிருந்தால், சமையலறை 75-ஐத் தாண்டியிருக்கிறது. கல் உப்பு அதற்கு முன்னரே கசியும். அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே நீரை வாங்கும். அடுப்புக்குப் பக்கத்தில், குக்கர் ஆவி படும் இடத்தில் உப்பு, முறுக்கு, அப்பளம் எதையும் வைக்காதீர்கள். சுட்ட முறுக்கைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் பனிநிலைக்குக் கீழே இருந்து நீர் சொட்டும். முழுவதும் ஆறிய பிறகே அடையுங்கள்.

கடையில் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானிகளைச் சோதிக்கவும் இதே உப்பு உதவும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல்போலக் குழையுங்கள்; உப்பு முழுதாகக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் ஒரே பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத இடத்தில் எட்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 70 காட்டினால், இனி எப்போதும் 5 சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் வீட்டு ஈரப்பதமானியின் முதுகில் "+4" என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில்தான் வேலூர்ப் பானையும் இருக்கிறது. வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசி, கடற்காற்று உள்ளே வராத சில மே மாத நாட்களில் ஈரப்பதமானி காட்டும் எண் 40-க்குக் கீழே இறங்கும். அன்று பானையில் தண்ணீர் நிரப்பிவைப்பேன். மாலையில் அது வேலூரில் இருந்ததுபோலவே சில்லென்று இருக்கும்.